கோடு யார் கையில்? சார்ட் கேள்வி பதில்

சார், ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் பேட்டர்னில் எனக்கு நெக்லைன் எப்போதும் சாய்ந்தே வருகிறது. தப்பா?

தப்பில்லை. நடுவில் உயரமான தலை, இருபுறமும் தாழ்ந்த தோள்கள்; தலைக்கு இருபுறமும் உள்ள பள்ளங்களை இணைக்கும் கோடுதான் நெக்லைன். அந்தப் பள்ளங்கள் ஒரே உயரத்தில் அமைவது அபூர்வம். அன்றைய மிகக் குறைந்த விலையைக் காட்டும் விக் நுனியில் இணைக்கிறீர்களா, க்ளோசிங் விலையில் இணைக்கிறீர்களா என்பதுதான் சிக்கல். அதை மாற்றினால் நெக்லைன் உடையும் நாளே மாறிவிடும், டார்கெட்டும் கூடவே நகரும். வரைவதற்கு முன்பே எதில் இணைக்கப்போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ஒரே நிஃப்டி சார்ட், ஒரே ஃபிபோனாச்சி டூல். எனக்கும் நண்பனுக்கும் வேறு வேறு லெவல் வருகிறது. யார் சரி?

இரண்டு பேரும். உச்சத்திலிருந்து அடிமட்டம் வரையிலான சரிவில் விலை எத்தனை சதவீதம் மீண்டது என்று கோடு போடுவதுதான் இந்த டூல். 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 24 அன்று தொட்ட அடிமட்டம் 7,511. அதில் சண்டையில்லை. உச்சம் எது? ஜனவரியில் தொட்ட 12,430 என்பார் ஒருவர். "சரிவு தொடங்கியதே பிப்ரவரி நடுவில்தான்" என்று சுமார் 12,246-ல் தொடங்குவார் இன்னொருவர். முதலாமவருக்கு 50 சதவீதக் கோடு 9,971-ல் விழும், அடுத்தவருக்கு 9,879-ல். ஏப்ரல் 30 அன்று நிஃப்டி 9,889 வரை ஏறித் திரும்பியது, மே மாதம் 9,000-க்குக் கீழே போனது. உடனே பிப்ரவரிக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். ஆனால் ஜூன் 8 அன்று 10,328-ல் திரும்பியபோது அவருடைய 61.8 கோடு நூறு புள்ளி மேலே இருந்தது, ஜனவரிக்காரருடையது இருநூறுக்கும் மேல். அப்போது "கிட்டத்தட்ட தொட்டுவிட்டது" என்பார்கள். அந்தக் கிட்டத்தட்ட எவ்வளவு என்று முன்கூட்டியே சொன்னவர் யார்? சார்ட் முறையை விமர்சிப்பவர்கள் கேட்பதும் அதைத்தான்.

அப்புறம், 50 என்பது ஃபிபோனாச்சி விகிதமே இல்லை. பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

எல்லாரும் அதே கோட்டைப் பார்ப்பதால்தானே விலை அங்கே திரும்புகிறது?

பாதி சரி. ஆனால் எல்லாரும் ஒரே கோட்டையா போடுகிறார்கள்? மேலே சொன்ன 2020 கதையைத் திரும்பப் படியுங்கள்.

என் பேங்க் ஷேர் நான் வாங்கிய விலையிலிருந்து இறங்கிவிட்டது. அங்கிருந்து ஃபிப் போட்டால் எங்கே நிற்கும்?

நீங்கள் வாங்கிய விலை சந்தைக்குத் தெரியாது. கோடு உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே போடுவது.

கம்ப்யூட்டரிடம் விதியைக் கொடுத்தால் கண்ணின் பாரபட்சம் போய்விடுமே?

2000-ல் நிதித்துறை ஆய்வாளர் ஆண்ட்ரூ லோவும் இன்னும் இருவரும் செய்தது அதுதான். விலையின் சிறு ஏற்ற இறக்கங்களை மென்மையாக்கி, ஹெட் அண்ட் ஷோல்டர்ஸில் இரு தோள்களும் அவற்றின் சராசரியிலிருந்து 1.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சரி, 1.5 ஏன்? 2 ஏன் இல்லை? கண்ணில் இருந்த தேர்வு எண்ணுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் எழுதி வைத்த தேர்வை இன்னொருவர் சோதிக்கலாம்.

அப்படிச் சோதித்ததில் லாபம் வந்ததே சார்! ஆஸ்லர், சாங் 1995 ஆய்வில் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஜப்பானிய யென்னிலும் ஜெர்மன் மார்க்கிலும் ஜெயித்தது.

ஆறு நாணயங்களைப் பார்த்தார்கள், மீதி நான்கில் லாபம் இல்லை. அந்த நான்கை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இரண்டிலாவது வந்ததே, அது தற்செயலா?

தற்செயல் என்று நான் சொல்லவில்லை. ஏழாவது நாணயத்தில் வருமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

சார், எந்த ஷேரில் இப்போது இந்த பேட்டர்ன் இருக்கிறது?

இந்தக் கேள்வி இன்றைக்கு எத்தனை தடவை! ஷேர் பெயர் சொல்ல மாட்டேன்.