சொந்தக் குடியிருப்புக்காக வீட்டைக் காலி செய்யக் கோரும் அறிவிப்பு: எதை எழுத வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் ஆறு ஆண்டுகளாக மாத வாடகை 9,000 ரூபாய்க்கு இருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வெகுநாள் ஆகிறது. என் தாயாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து மாடிப்படி ஏற முடியவில்லை. கீழ்த்தளம் எங்களுக்கு வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன் வாடகையை 12,000 ஆக்கும்படி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். திருச்சியிலும் எனக்கு ஒரு சிறு வீடு உண்டு. அறிவிப்பில் என்ன எழுதுவது?

பதில்: தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உரிமையாளரின் சொந்தத் தேவையை வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் ஒன்றாக ஏற்கிறது. வாடகைதாரர் காலி செய்ய மறுத்தால் நீங்கள் வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருக்கும். அங்கே முதலில் ஒப்பிட்டுப் பார்க்கப்படுவது மனுவும் அறிவிப்பும் ஒரே காரணத்தைச் சொல்கின்றனவா என்பதைத்தான். ஆகவே, பின்னாளில் குறுக்கு விசாரணையில் உங்களிடம் வரி வரியாகப் படித்துக் காட்டப்படும் ஆவணம் என்று கருதியே அறிவிப்பை எழுதுங்கள்.

“எனக்குச் சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுகிறது” என்ற ஒற்றை வரி போதாது. தேவை யாருக்கு, ஏன், ஏன் இந்தப் பகுதியே என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். உங்கள் நிலையில் அந்தப் பத்தி இவ்வாறு அமையலாம்:

“என்னுடன் மாடியில் வசிக்கும் என் தாயார் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் படியேறி இறங்க இயலாத நிலையில் இருக்கிறார். அவரைக் கீழ்த்தளத்தில் குடியமர்த்தி, உடனிருந்து கவனிக்க வேண்டியிருப்பதால் தங்கள் வசமுள்ள பகுதி எங்கள் குடும்பத்தின் குடியிருப்புக்கு உண்மையாகத் தேவைப்படுகிறது. திருச்சியில் எனக்குள்ள வீடு, நாங்கள் வசிப்பதும் தாயார் சிகிச்சை பெறுவதும் மதுரையில் என்பதால், இத்தேவைக்குப் பொருந்தாது.”

திருச்சி வீட்டை நீங்களே சொல்லிவிடுவது அவசியம். அதை மறைத்து, வாடகைதாரர் தம் பதிலில் வெளிக்கொணர்ந்தால், உங்கள் தேவை உண்மையானதாகவே இருந்தாலும் அதன் மீது ஐயம் விழும். தன் தேவைக்கு எந்த வீடு பொருத்தமானது என்பதை உரிமையாளரே சிறப்பாகத் தீர்மானிக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் பிரதிவா தேவி வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் அந்தத் தேவை நேர்மையானதாக இருக்க வேண்டும், வெறும் சாக்காக இருக்கக் கூடாது என்பதை 1999இல் சிவ் சரூப் குப்தா வழக்கில் தெளிவாக்கியது.

இந்த இரண்டாவது அளவுகோலில்தான் உங்கள் வாட்ஸ்அப் செய்தி இடறும். அதை அழிப்பதால் பயனில்லை. எதிர்த்தரப்பின் கைப்பேசியில் அது இருக்கும். அறுவை சிகிச்சை அந்தச் செய்திக்குப் பிறகு நடந்திருந்தால், அதன் தேதியை அறிவிப்பில் குறிப்பிடுங்கள். தேவை பின்னர் எழுந்தது என்பது அதிலேயே விளங்கிவிடும். சிகிச்சை முன்பே நடந்திருந்தால், படியேற இயலாமை எப்போது உறுதியானது என்பதை மருத்துவர் எழுதியபடியே சொல்லுங்கள், ஒரு சொல்லும் கூட்டாதீர்கள். எதுவாயினும் “கூடுதல் வாடகை தந்தால் தொடரலாம்” என்ற பொருள்படும் எதையும் இனி எழுத்திலோ வாய்மொழியிலோ சொல்லக் கூடாது. சொன்னால் உங்கள் வழக்கை நீங்களே முறித்தவராவீர்கள்.

வலுச் சேர்ப்பதாக எண்ணி வேறு காரணங்களைச் சேர்ப்பது பலர் செய்யும் தவறு. இடித்துக் கட்டப் போவதாக ஒரு வரியும் தாயாரைக் குடிவைக்கப் போவதாக அடுத்த வரியும் இருந்தால் ஒன்றை மற்றொன்று பொய்யாக்கும். வாடகை பாக்கி இல்லாதபோது இருப்பதாக எழுதாதீர்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவோம் என்ற மிரட்டலையும் தவிருங்கள். அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதை வாடகைச் சட்டமே விலக்கியிருக்கிறது.

கால அவகாசத்தைப் பொறுத்தவரை, மாத வாடகைக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு 15 நாள் அறிவிப்பைச் சொல்கிறது. பழைய ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட காலம் குறிக்கப்பட்டிருந்தால் அதையே கொடுத்துவிடுவது பாதுகாப்பானது. ஆறு ஆண்டுகள் குடியிருந்த குடும்பத்துக்கு, பிள்ளைகளின் பள்ளியையும் எண்ணி, இரண்டு மாதம் தருவதே முறை என்பது என் கருத்து. காலி செய்ய வேண்டிய தேதியை மட்டும் நாள், மாதம், ஆண்டுடன் ஐயமின்றி எழுதுங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரோ அவருடைய வழக்கறிஞரோ கையொப்பமிட்டு, ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தை, முறையான கழிவுகள் இருப்பின் அவை போக, திருப்பித் தருவதாகவும் ஒரு வரி சேருங்கள்.

காலி செய்ய வேண்டிய தேதிக்குப் பிறகும் வாடகைதாரர் குடியிருந்து பணம் அனுப்பினால், வாடகை என்று ரசீது கொடுக்காதீர்கள். பழைய உறவைத் தொடர விரும்பி வாங்கியதாக அதைக் காட்டி, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 113ஆம் பிரிவின்படி அறிவிப்பைக் கைவிட்டதாக வாதிட இடமுண்டு. “உரிமைக்குப் பாதகமின்றி, குடியிருப்புக்கான இழப்பீடாகப் பெறப்பட்டது” என்று எழுதிக் கொடுங்கள்.