செதில் இருந்தால் ஊர்வனவா?

கேள்வி: ஐயா, எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அழுங்கு எப்போதாவது கண்ணில் படும். உடம்பெல்லாம் செதில் என்பதால் என் மகள் அதை ஊர்வன என்று எழுதினாள். பயிற்றியிலும் செதில் இருந்தால் ஊர்வன என்றே இருக்கிறது. ஆசிரியையோ பாலூட்டி என்கிறார். எது சரி?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஆசிரியை சொன்னதே சரி.

செதிலை முதல் கேள்வியாக வைத்ததுதான் பிழை. மீனுக்கும் செதில் உண்டு. பறவையான கோழியின் காலிலும் செதில் உண்டு என்பதை உங்கள் வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். ஆகவே முதுகெலும்புள்ள ஒரு பிராணியைக் கண்டால், குட்டிக்குப் பால் கொடுக்கிறதா, உடலில் உரோமம் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ஆம் என்றால் அது பாலூட்டி, அத்துடன் கேள்வி முடிந்தது. அடுத்து, இறகு இருந்தால் பறவை. இவ்விரண்டிலும் சேராதவற்றில், துடுப்பும் செவுளும் கொண்டு நீரில் வாழ்வது மீன். தவளையைப் போல ஈரமான, செதிலற்ற தோலுடன், இளமையில் நீரில் செவுளாலும் வளர்ந்தபின் நுரையீரலாலும் சுவாசிப்பது நீர்நில வாழ்வன. உலர்ந்த செதில் தோலும் பிறந்தது முதல் நுரையீரலும் உடையது ஊர்வன. செதிலுக்கு வேலை இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

அழுங்கையும் அதே தோட்டத்தில் திரியும் உடும்பையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். அழுங்கின் முதுகுச் செதில்கள் நம் நகமும் முடியும் உருவாகும் கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. வயிற்றிலும் முகத்திலும் செதில் கிடையாது, அங்கே மெல்லிய உரோமம் இருக்கும். தாய் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈன்று, மார்பில் பாலூட்டி, வாலின் மேல் சுமந்து திரியும். உடும்போ முட்டையிடும்; குஞ்சு பொரிந்து வந்த நாள் முதல் தன் இரையைத் தானே தேடும், பால் என்பதே அதற்கு இல்லை. இரண்டுக்கும் செதில் இருந்தும் முதல் கேள்வியிலேயே வெவ்வேறு விடை வருவதைக் கவனியுங்கள்.

பள்ளி வாசலில் பயிற்றி விற்கும் முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே அடையாளம் என்று அச்சிட்டு, பழைய பிழையைப் புது அட்டையில் விற்பவர்கள் அவர்களுள் உண்டு. ஒற்றைச் சொல்லைத் தேடி மதிப்பெண் போடும் திருத்த முறை இருக்கும்வரை அந்த வியாபாரமும் ஓயாது. குளிர் இரத்தம் என்ற சொல்லும் இதே ரகம்: நண்பகல் வெயிலில் கிடந்த உடும்பின் உடல் சூடாகவே இருக்கும், ஏனெனில் அதன் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்து ஏறி இறங்கும்.

பாடத்துக்காக அழுங்கைப் பிடிக்கவோ, செதிலுக்கு மருந்து விலை பேசி வரும் தரகரிடம் காட்டவோ வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது முழுப் பாதுகாப்பு பெற்ற பிராணி. மகளின் விடைத்தாளில், "குட்டிக்குப் பாலூட்டும், உரோமம் உண்டு, ஆகவே பாலூட்டி" என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள்.