"நான் சிவப்புதாங்க, ஆனா சாம்பலா தெரியுது": ஷேட் கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "படத்துல ஒரு கலர், கையில வந்தது ஒரு கலர்." விற்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பெரம்பூரில் வீட்டிலிருந்தே மேக்கப் சாமான்கள் விற்கிறேன். "நேச்சுரல் பீஜ், மாநிறத்துக்கு ஏற்றது" என்று போட்ட ஃபவுண்டேஷனை மூன்று பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூவருமே மாநிறம்தான். முகத்தில் சாம்பல் பூசியது போல இருக்கிறதாம். சரக்கு போலியா?

நீங்கள் அனுப்பிய சாம்பிளைப் போட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் சொன்ன சாம்பலுக்கு விளக்கம் ஷேடிலேயே இருக்கிறது. தடுமாறியது உங்கள் விவரம்தான்.

"மாநிறம்" என்பது தோல் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதை மட்டும் சொல்லும். ஒரே அளவு மாநிறமுள்ள மூன்று பேரை நிறுத்துங்கள். ஒருவர் தோலில் மஞ்சள் ஓடும், இன்னொருவருக்கு இளஞ்சிவப்பு, மூன்றாமவருக்கு லேசான பச்சை கலந்த ஆலிவ். இதுதான் அண்டர்டோன். வெயிலில் அலைந்தால் தோல் கருக்கும், அண்டர்டோன் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. "பொண்ணு நல்ல செவப்பு" என்றால் வெளுத்த நிறம் என்றுதான் அர்த்தம். அதனால் "சிவப்பு அண்டர்டோன்" என்று நீங்கள் எழுதினால் வாங்குகிறவர் "வெளுப்பா இருக்கிறவங்களுக்கு" என்று படிப்பார். நான் கவுண்டரில் நின்ற காலத்தில் "சிவப்பு" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "இளஞ்சிவப்புச் சாய்வு", "மஞ்சள் சாய்வு", "பச்சைச் சாய்வு" என்று சொன்னால் யாரும் குழம்புவதில்லை.

இனி சாம்பல் எப்படி வந்தது என்று பார்ப்போம். பெரும்பாலான ஃபவுண்டேஷன்களில் நிறம் தருவது நான்கே பொருட்கள்: வெள்ளைக்கு டைட்டானியம் டைஆக்சைடு, பிறகு சிவப்பு, மஞ்சள், கருப்பு அயர்ன் ஆக்சைடுகள். டப்பாவின் பின்னால் CI 77891, CI 77491, CI 77492, CI 77499 என்று இருக்கும். இருக்கிறது என்று மட்டும் தெரியும், எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியாது. வெள்ளை கூடி மஞ்சள் குறைந்த ஷேடை மஞ்சளோ பச்சையோ ஓடும் தோலில் பூசினால் சாம்பல் பூத்தாற்போல் தெரியும்.

உங்கள் சாம்பிளை மட்டும் தனியாகக் கையில் இழுத்தபோது எனக்கும் "சும்மா ஒரு பழுப்பு" என்றுதான் தோன்றியது. அதே ஆழத்தில், அதாவது அதே அளவு கருப்பு-வெளுப்பில், ஒரு மஞ்சள் சாய்வு ஷேடையும் ஓர் ஆலிவ் ஷேடையும் இரண்டு பக்கமும் இழுத்தேன். உடனே உங்களுடையது ரோஸாகத் துருத்திக்கொண்டு நின்றது. அண்டர்டோன் ஒப்பிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் அரை ஷேடு கருத்தும் இருந்தது. ஈரம் காய்ந்து, தோலின் எண்ணெயோடு கலந்தபின் சில ஃபவுண்டேஷன்கள் இப்படி இறங்கும்.

விவரத்தை இப்படி மாற்றுங்கள்: "நடுத்தர மாநிறம். இளஞ்சிவப்புச் சாய்வு. தோலில் மஞ்சள் அல்லது பச்சை ஓடுபவர்களுக்குச் சாம்பலாகத் தெரியலாம். பூசி 20 நிமிடத்தில் சற்றுக் கருக்கும்." யாருக்குப் பொருந்தாது என்று எழுதினால் விற்பனை குறையுமே என்று பயப்படுவீர்கள். திரும்பி வந்த மூன்று பார்சலின் கூரியர் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

ஷேடைக் கையில் இழுத்து ஸ்வாட்ச் படம் எடுக்கும்போது கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, போனில் வேறு நிறமாக வருகிறது. ரிங் லைட் வாங்கலாமா? (வேளச்சேரி)

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களிலும் கையில் ஒரு பச்சை பூசியிருக்கிறது. பால்கனியில் பச்சை வலை கட்டியிருக்கிறீர்களா? வெயிலுக்கும் புறாவுக்கும் பாதி ஃபிளாட்டுகளில் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக வரும் வெளிச்சம் பீச் ஷேடைக்கூட ஆலிவ் ஆக்கிவிடும். ரோஸ் சுவர், மஞ்சள் திரை எல்லாமே இதே வேலையைச் செய்யும்.

காலை ஒன்பது முதல் பதினொன்றுக்குள், வலையில்லாத ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் கையில் விழாமல் நில்லுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் கையின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் வரும். பிளாஷும் பியூட்டி மோடும் வேண்டாம். சாயங்கால வெயிலில் எல்லா ஷேடும் தங்கமாகத்தான் தெரியும், அதை நம்பி எடுக்காதீர்கள்.

கைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை ஏ4 பேப்பரை வையுங்கள். பேப்பர் படத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஷேடின் நிறமும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எடிட் செய்யும்போது பேப்பர் வெள்ளையாகும்வரை மட்டும் திருத்துங்கள். ஷேடைப் பார்த்துத் திருத்த ஆரம்பித்தால் நம் ஆசை உள்ளே வந்துவிடும்.

அடுத்தது, கருத்த தோலில் பலருக்கும் இடறும் இடம். படம் முழுக்கக் கருத்த கை நிறைந்திருந்தால் போன் கேமரா "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். கையும் வெளுக்கும், ஷேடும் வெளுக்கும். திரையில் கையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு வெளிச்சத்தைக் கீழே இறக்கி, படத்தில் இருக்கும் கை உங்கள் கண்முன் இருக்கும் கையைப் போல ஆனதும் எடுங்கள்.

பூசியவுடன் ஒரு படம், 20 நிமிடம் கழித்து அதே இடத்தில் ஒரு படம். முடிந்தால் அக்கா, அம்மா, பக்கத்து வீட்டுப் பெண் என்று வேறு வேறு நிறத்தில் மூன்று கைகள். கை யாருடையது என்று வேண்டாம், எந்த ஆழம், எந்தச் சாய்வு என்று எழுதினால் போதும். இத்தனையும் செய்தாலும் வாங்குபவரின் போன் திரை எப்படிக் காட்டும் என்பது நம் கையில் இல்லை. சொல்லும் படமும் சேர்ந்தே போக வேண்டியது அதனால்தான்.

மணிக்கட்டு நரம்பு பச்சையாக இருந்தால் வார்ம், நீலமாக இருந்தால் கூல் என்கிறார்கள். எனக்கு நரம்பே தெரியவில்லை!

வார்ம் என்றால் மஞ்சள் பக்கம், கூல் என்றால் இளஞ்சிவப்புப் பக்கம். கருத்த தோலில் நரம்பு பலருக்கும் தெரியாது. தெரிந்தாலும் நீலமா பச்சையா என்று அம்மாவும் பெண்ணும் சண்டை போடுவதைக் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கம் பொருந்துகிறதா, வெள்ளியா என்ற சோதனை இன்னும் மோசம். பிறந்ததிலிருந்து தங்கத்தோடேயே பார்த்த முகத்துக்குத் தங்கம் பொருந்தாமல் போகுமா?

ஒரே ஆழத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆலிவ் என்று மூன்று கோடுகளைத் தாடை ஓரத்தில், கழுத்தைத் தொடுகிற மாதிரி இழுங்கள். பகல் வெளிச்சத்தில் எது காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. முன்கையின் உட்புறம் பலருக்கு முகத்தைவிட வெளுப்பு, அங்கே போட்டுப் பார்த்து வாங்காதீர்கள்.

லிப்ஸ்டிக் விவரத்தில் "நியூட்" என்று போட்டால் போதாதா?

போதாது. யாருடைய தோலுக்கு நியூட் என்ற கேள்வி வரும். நம் வாடிக்கையாளர்களுக்குப் புடவைக் கடை நிறங்கள் அத்துப்படி. "வெங்காயத் தோல் நிறம், இளஞ்சிவப்புச் சாய்வு" என்றோ "செங்கல் நிறம், ஆரஞ்சுச் சாய்வு" என்றோ எழுதுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அரக்கு என்றால் விளக்கமே தேவையில்லை.

கையில் இழுத்த படம் மட்டும் போடாதீர்கள். உதட்டுக்கென்று ஒரு நிறம் இருக்கிறது. ஓரம் கருத்த உதட்டில் மெல்லிய ஷேடு ஒரு பூச்சில் மங்கிவிடும். ஒரு பூச்சில் ஒரு படம், இரண்டு பூச்சில் ஒரு படம் போட்டு, கீழே "ஓரம் கருத்த உதடு" என்றும் எழுதிவிடுங்கள்.

ஷேடு எண்ணில் W இருந்தால் வார்ம்தானே?

பல பிராண்டுகளில் ஆம். ஆனால் மேக் பிராண்டில் NC ஷேடுகள் மஞ்சள் பக்கம், NW ஷேடுகள் இளஞ்சிவப்புப் பக்கம். எழுத்தைப் பார்த்து NW-யை "வார்ம்" என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. டப்பாவைத் திறந்து, பக்கத்தில் இன்னொரு ஷேடை இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.