ஸ்பிரிண்டில் பிழைகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

"ஸ்பிரிண்டுக்கு 40 பாயிண்ட் முடிக்கிறோம். நடுவில் பிழைகள் வந்து திட்டமிட்ட வேலை தங்கிவிடுகிறது. 20 சதவீதம் ஒதுக்கினால் போதுமா?"

சதவீதத்தை யாரிடமும் கேட்காதீர்கள். அது உங்கள் பழைய ஸ்பிரிண்டுகளிலேயே இருக்கிறது. கடைசி ஆறு ஸ்பிரிண்டுகளை எடுத்து, தொடங்கிய பிறகு உள்ளே வந்து அதே ஸ்பிரிண்டில் முடிந்த வேலைகளுக்கு மட்டும் பாயிண்ட் போட்டுக் கூட்டுங்கள்.

எங்கள் குழுவுக்கும் மொத்தம் 40தான். கிடைத்த எண்கள் 9, 11, 8, 10, 25, 10. அந்த 25, கட்டணப் பக்கம் இரண்டு நாள் முடங்கியபோது வந்தது. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 12 தாண்டும். அப்படிப்பட்ட நாளுக்காக எல்லா ஸ்பிரிண்டிலும் இடம் விடுவது வீண். ஆறில் ஐந்தைத் தாங்கும் 11ஐ ஒதுக்கி, 29க்குத் திட்டமிட்டோம். 20 சதவீதம், அதாவது 8 என்று வைத்திருந்தால் ஆறில் ஐந்து முறை தோற்றிருப்போம்.

ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள்: உங்கள் 40இல் பிழைகளுக்கான பாயிண்டும் சேர்ந்திருக்கிறதா? திட்டமிட்டு முடித்த வேலைகளை மட்டும் கூட்டி 40 வந்திருந்தால், பிழைகளுக்கான நேரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு. இதில் நாங்களே மூன்று மாதம் தடுமாறினோம்.

ஒதுக்கீடு பாதி ஸ்பிரிண்டிலேயே தீர்ந்தால், அன்றே தயாரிப்புப் பொறுப்பாளரிடம் சொல்லி ஒரு வேலையை வெளியே எடுத்துவிடுங்கள். மிஞ்சினால், கடைசி இரண்டு நாளில் பட்டியலின் அடுத்த சிறு வேலையை எடுக்கலாம். காத்திருக்கக்கூடிய பிழைகளை மட்டும் இந்த ஒதுக்கீட்டில் நுழைய விடாதீர்கள். அவை அடுத்த திட்டமிடலுக்கு உரியவை.