பீவர் கட்டும் அணையும் அதை நம்பி வாழும் ஈரநிலமும்

கேள்வி: பீவர் அணை கட்டி ஈரநிலத்தையே உருவாக்கிவிடுகிறது என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது? அதை ஏன் 'ஆதார இனம்' என்று சொல்கிறார்கள்?

நான் கனடாவின் எட்மன்டன் நகரில் வசிக்கிறேன். இங்கிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் எல்க் தீவு தேசியப் பூங்கா. பெயரில்தான் தீவு, சுற்றிலும் கடலோ ஆறோ கிடையாது. பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மேடுபள்ளங்களும், பள்ளம்தோறும் குட்டைகளும் கொண்ட காடு அது. உங்கள் கேள்விக்கு அந்த இடத்தை வைத்தே பதில் சொல்வதுதான் சரியாக இருக்கும். அதற்கு முன் அணையைப் பற்றிக் கொஞ்சம்.

பீவர் என்பது பற்களால் மரத்தைக் கொறித்து வெட்டி, நீரிலும் கரையிலும் வாழும் ஒரு கொறிவிலங்கு. வளர்ந்த பீவர் 20, 25 கிலோ எடை இருக்கும். மீன் தின்னாது, மரப்பட்டையின் உட்பகுதியும் இலைகளும் நீர்த்தாவரங்களும்தான் அதன் உணவு. தரையில் மெதுவாகத்தான் நடக்கும் என்பதால் ஓநாய்க்கும் கரடிக்கும் எளிதில் இரையாகிவிடும். நீருக்குள் இறங்கிவிட்டாலோ அதைப் பிடிப்பது கடினம். ஆகவே தன்னைச் சுற்றி ஆழமான நீர் நிற்க வேண்டும் என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. கிளைகளையும் சேற்றையும் குவித்துக் கட்டும் அதன் வீட்டுக்கு வாசல் நீருக்கு அடியில் இருக்கிறது. குளிர்காலத்துக்கான கிளைகளையும் குட்டையின் அடியில்தான் சேர்த்து வைக்கிறது. வெளியே மைனஸ் 30 டிகிரி குளிரில் மேற்பரப்பு உறைந்து கிடக்கும்போதும், பனிக்கட்டிக்குக் கீழே நீந்திப்போய் ஒரு கிளையை இழுத்துவரும் அளவுக்கு நீர் இருந்தாக வேண்டும். ஆழம் இல்லாத இடத்தில் அந்த ஆழத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதற்குத்தான் அணை.

கட்டுமானத்தை அருகில் போய்ப் பார்க்கும்போதுதான் அதன் நேர்த்தி தெரிகிறது. முதலில் நீர் வெளியேறும் குறுகலான இடத்தில் கிளைகளைச் சேற்றில் செருகிப் பதிக்கிறது. அவை நகராதபடி கற்களையும் கனமான கட்டைகளையும் மேலே வைக்கிறது. பிறகு நீர் நிற்கும் பக்கத்தில் சேற்றையும் புல்லையும் அப்பி அடைக்கிறது. சேற்றை வாலால் சுமப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முன்னங்கால்களால் மார்போடு அணைத்துத்தான் கொண்டுவருகிறது. அப்படிப் பூசினாலும் அணை முழுவதும் அடைபடாது. வெளிப்பக்கம் நின்று பார்த்தால் குச்சிகளின் இடுக்குகளில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஈரநிலம் உருவாவதில் இந்தக் கசிவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓடையை அணை நிறுத்திவிடுவதில்லை, தாமதப்படுத்துகிறது. வேகம் குறைந்த நீர் சுமந்துவந்த வண்டலைக் கீழே விடுகிறது, பக்கவாட்டில் பரவுகிறது, மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. கரையோர மண் கோடையிலும் ஈரமாக இருப்பதால் கோரையும் வில்லோவும் அங்கே வேர்பிடிக்கின்றன. நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களை மரங்கொத்திகள் துளைக்கின்றன. நாரைகள் அவற்றின் உச்சியில் கூடு கட்டுகின்றன.

இனி எல்க் தீவு. இந்த வட்டாரத்துக்கே பீவர் ஹில்ஸ் என்றுதான் பெயர். ஆனால் விலங்குகளின் ரோமத்தை விற்கும் வணிகம் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிருந்த பீவர்களைத் துடைத்தெடுத்துவிட்டது. ஐரோப்பாவில் தொப்பி செய்வதற்காகக் கொன்றார்கள். 1941இல்தான் பூங்காவுக்குள் மீண்டும் சில பீவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகிப் பரவப் பல ஆண்டுகள் ஆயின. இதனால் ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பு ஒன்று கிடைத்தது: அதே குட்டைகள், பீவர் இல்லாத காலத்திலும் இருந்த காலத்திலும்.

கிளினிஸ் ஹூட், சுசான் பேலி என்ற இரு ஆய்வாளர்கள் 1948 முதல் 2002 வரையிலான வான்வழிப் படங்களையும் வானிலைப் பதிவுகளையும் பீவர் கணக்கெடுப்புகளையும் ஒப்பிட்டு 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குட்டையில் எவ்வளவு நீர்ப்பரப்பு இருக்கும் என்பதை மழையளவைவிட, வெப்பநிலையைவிட, அங்கே பீவர் குடியிருக்கிறதா என்பதே அதிகம் தீர்மானித்தது. பீவர் இருந்த காலத்தில் அதே இடங்களில் நீர்ப்பரப்பு சுமார் ஒன்பது மடங்கு. 1950இலும் 2002இலும் இங்கே கடும் வறட்சி. இரண்டில் 2002தான் கொடியது. மழை மிகவும் குறைவு. ஆனாலும் 1950ஐவிட 2002இல் நிலத்தின் மேல் அதிக நீர் நின்றது. 1950இல் அந்தக் குட்டைகளில் பீவர் இல்லை.

இந்த வேறுபாட்டுக்கு அணை மட்டும் காரணம் இல்லை. இங்கே நீர் பெரும்பாலும் பள்ளங்களில் தேங்குகிறது. பெரிய ஓடைகள் குறைவு. பீவர் குட்டையின் வடிகாலை அடைப்பதோடு, அடித்தரையைத் தோண்டி வாய்க்கால்களும் வெட்டுகிறது. நீர் வற்ற வற்ற, வீட்டு வாசலை நோக்கி வாய்க்காலை ஆழப்படுத்திக்கொண்டே போகிறது. கரையிலிருந்து காட்டுக்குள்ளும் சிறு கால்வாய்கள் போகும். வெட்டிய கிளைகளை அவற்றில் மிதக்கவிட்டு இழுத்துவரும். இந்த வட்டாரத் தவளைக் குஞ்சுகள் குட்டையிலிருந்து காட்டுக்குப் போகும் ஈரப்பாதையாகவும் இந்தக் கால்வாய்கள் பயன்படுகின்றன.

'ஆதார இனம்' என்ற கருத்தை முன்வைத்தவர் அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெயின். வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் ஒரு நட்சத்திர மீன் இனத்தை மட்டும் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார். அது தின்றுவந்த சிப்பிகள் பெருகிப் பாறையை ஆக்கிரமித்து, மற்ற உயிர்களில் பலவற்றை வெளியேற்றிவிட்டன. 1969இல் இந்தப் பெயரைச் சூட்டினார். எண்ணிக்கையில் சிறிதாக இருந்தும், அகற்றினால் மொத்த அமைப்பே குலையுமானால் அது ஆதார இனம். நட்சத்திர மீன் இதைத் தின்பதால் செய்கிறது. பீவர் நிலத்தை மாற்றியமைப்பதால் செய்கிறது. எல்க் தீவில் ஒரு குட்டைக்கு ஒரு குடும்பம்தான் இருக்கும்: தாய், தந்தை, இரண்டு ஈற்றுக் குட்டிகள். அந்தச் சில உயிர்கள் போய்விட்டால் பராமரிப்பு நிற்கிறது, அணை உடைகிறது, குட்டை சுருங்குகிறது. அதை நம்பியிருக்கும் வாத்துகளும் தவளைகளும் போக்கிடம் தேட வேண்டியதுதான்.

ஆனால் பீவர் எங்கே போனாலும் நன்மைதான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1946இல் அர்ஜென்டினா அரசு ரோமத் தொழிலை வளர்க்க நினைத்து, கனடாவிலிருந்து 20 பீவர்களைத் தென்கோடியில் உள்ள தியரா தெல் ஃபுவேகோ தீவில் விட்டது. தொழில் வளரவில்லை, பீவர்கள் வளர்ந்தன. அணைகளைப் பொறுத்தவரை இங்கே கட்டுவதையேதான் அங்கேயும் கட்டுகின்றன. வேறுபாடு மரத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவின் வில்லோவையும் ஆஸ்பெனையும் பீவர் அடியோடு வெட்டினாலும் அவை மறுபடி துளிர்க்கும். லட்சக்கணக்கான ஆண்டுகள் பீவரோடு சேர்ந்து வாழ்ந்த மரங்கள் அவை. உணவு தீர்ந்து பீவர் வேறிடம் போனால், உடைந்த குட்டையின் வண்டலில் புல்வெளி உருவாகி, வில்லோ திரும்பி வந்து, சில ஆண்டுகளில் பீவரும் திரும்பிவிடும். தென்கோடியின் லெங்கா மரம் அப்படித் துளிர்ப்பதில்லை. வெட்டினாலோ நீரில் மூழ்கினாலோ காடு திரும்பாமல் புல்வெளியாகவே நின்றுவிடுகிறது. 2008இல் சிலியும் அர்ஜென்டினாவும் அந்த பீவர்களை முற்றிலும் ஒழிப்பதென்று ஒப்பந்தம் செய்துகொண்டன.

எங்கள் பக்கத்திலும் தொல்லை உண்டு. சாலைக்கு அடியில் போகும் நீர்க்குழாய்தான் பீவருக்கு மிகவும் பிடித்த இடம். குறுகலான வாய், சலசலக்கும் ஓசை. ஒரே இரவில் அடைத்துவிடும், சாலை மூழ்கும். அணையைக் கலைத்தால் மறுநாளே கட்டும். பிடித்து அகற்றினாலும் அந்த இடத்துக்கு வேறொரு குடும்பம் வந்துவிடும். இப்போது பல இடங்களில் அணையின் ஊடாக ஒரு பெரிய குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் குட்டையின் நடுவே, கம்பிக்கூண்டுக்குள், நீருக்கு அடியில் வைக்கிறார்கள். உள்ளே போகும் நீரின் ஓட்டமும் ஓசையும் பீவருக்குத் தட்டுப்படாததால் அது குழாய் வாயை அடைக்க வருவதில்லை. குட்டை ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஏறாது, பீவரும் அங்கேயே இருக்கும். குழாய் வைக்கும் மட்டத்தைச் சரியாகக் கணிக்க வேண்டும்: அளவுக்கு மீறித் தாழ்வாக வைத்தால் வீட்டு வாசல் வெளியே தெரியும், பீவர் சற்றுக் கீழே இன்னொரு அணையைக் கட்டத் தொடங்கிவிடும்.