சுவரோரம் தண்ணீர் நிற்கிறதா? வாட்டமும் ஏப்ரன் தளமும்: கேள்வி பதில்

விருகம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டின் பக்கவாட்டுச் சந்து 4 அடி அகலம், 40 அடி நீளம். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுச் சுவரை ஒட்டியே நிற்கிறது. உள்ளே வரவேற்பறைச் சுவரில் ஒன்றரை அடி உயரத்துக்கு உப்பு பூத்துப் பெயின்ட் உதிர்கிறது. வீட்டுத் தரை வெளித்தரையைவிட 1½ அடி உயரம். எங்கிருந்து தொடங்குவது?

பெயின்ட்டைத் தொடாதீர்கள் அம்மா, முதலில் மட்டத்தைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டுச் சுவரிலும் மறு முனையைக் காம்பவுண்டு சுவரிலும் பிடியுங்கள். இரண்டு முனைகளிலும் நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, அங்கிருந்து தரைவரை அளந்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரிந்துவிடும். காம்பவுண்டு கட்டத் தோண்டிய மண்ணை அங்கேயே கொட்டிவிடுவதால் வீட்டுப் பக்கம் தாழ்ந்துபோவது சென்னையில் சாதாரணம்.

சுவரோரம் தோண்டாதீர்கள். அங்கே மண்ணை உயர்த்த வேண்டும். உங்களுக்கு 1½ அடி இருப்பதால் 4 அங்குலம் உயர்த்தினாலும் நிலைமை மோசமாகாது. ஆனால், முடித்த தளத்துக்கு மேல் வீட்டுத் தரைமட்டம் வரை அரை அடியாவது சுவர் தெரிய வேண்டும். அதற்கும் மேல் மூடினால் ஈரத்தடுப்புப் பட்டையைத் தாண்டி ஈரம் ஏறும்.

சந்தில் 3 அடியை, சுவரை ஒட்டி வெளிப்பக்கம் சரிவாகப் போடும் கான்கிரீட் தளமான ஏப்ரனுக்கும் 1 அடியைக் காம்பவுண்டு ஓரக் கால்வாய்க்கும் ஒதுக்குங்கள். 3 அடி அகலத்தில் 1 அங்குலம் வாட்டம் போதும். கால்வாயை வாசலை நோக்கி இறக்குங்கள். 100 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் 40 அடிக்கு ஏறத்தாழ 5 அங்குலம். பின்பக்கம் 3 அங்குல ஆழத்தில் தொடங்கினால் முன்பக்கம் 8 அங்குலத்தில் முடியும். கால்வாயின் அடியும் பக்கமும் கான்கிரீட்டாக இருக்கட்டும். இல்லையென்றால் ஈரம் காம்பவுண்டின் அஸ்திவாரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

நிரப்பும் மண்ணை அரை அடி உயரத்துக்கு ஒரு தட்டாகப் போட்டு, லேசாக நனைத்து, திமுசு போட்டு இறுக்குங்கள். மேலே 4 அங்குலக் கான்கிரீட். சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் உங்கள் 40 அடிக்கு 40 கன அடி கான்கிரீட் ஆகும், சிமென்ட் ஏறத்தாழ 7 மூட்டை. 5 அடிக்கு ஒரு குறுக்கு இணைப்புக் கோடு விடுங்கள். விரிசல் வந்தாலும் அந்தக் கோட்டோடு நிற்கும்.

மழைக்குழாயையும் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். அது ஏப்ரன் மேல் விழுந்தால் தளத்தை அரித்துவிடும். குழாயை நீட்டிக் கால்வாயில் விடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிப் பாருங்கள். சுவரை ஒட்டி ஒரு தட்டு அளவுக்கேனும் தேங்கினால், மேஸ்திரி கிளம்பும் முன்பே சொல்லிச் சரிசெய்ய வையுங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒருவர்: நான் தளத்தைச் சுவரோடு சேர்த்து, பூச்சையும் தளத்தையும் ஒன்றாக இழைத்துவிட்டேன். கீழே மணல் நிரப்பினேன், மணல்தான் தண்ணீரை வடிக்கும் என்பதால். ஆனால் இரண்டு ஆண்டுகளில் சுவரோரம் நீளமாக வெடிப்பு விழுந்துவிட்டது. கலவையில் குறையா?

கலவையில் குறை இருக்க வாய்ப்பு குறைவு ஐயா. மணல் தண்ணீரை வடிக்கும் என்பது சரி, ஆனால் எங்கே வடிக்கும் என்பதுதான் கேள்வி. அடியில் உங்கள் பகுதியின் களிமண் இருந்தால் மணலில் இறங்கிய நீர் அதற்குக் கீழே போகாது, அஸ்திவாரத்தை ஒட்டியே தேங்கும். தளத்துக்கு அடியில் இறுக்கிய மண்தான் வேண்டும்.

அடுத்தது இணைப்பு. வீடு ஆழத்தில் நிற்கிறது, ஏப்ரனோ மேல்மண்ணில் மிதக்கிறது. இரண்டும் ஒரே அளவு இறங்கா. சேர்த்து இழைத்தால் இடையில் கிழியும். தளம் போடும்போது சுவரோரம் அரை அங்குலத் தெர்மாகோல் பட்டையை நிற்க வைத்து, கான்கிரீட் இறுகியபின் அதைப் பிய்த்தெடுத்து, தாரும் மணலும் கலந்து சூடாக நிரப்ப வேண்டும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது அந்த வெடிப்பின் வழியே அரை அங்குலக் காடி வெட்டி, தூசி தட்டி, தார்க் கலவை போடுவது. சிமென்ட் பாலைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது வீண்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: தளம் போட்டது எந்த மாதம்? கத்திரி வெயிலில் களிமண் சுருங்கி வெடித்துக் கிடக்கும்போது மேலே தளம் போட்டால், ஐப்பசி மழையில் மண் உப்பித் தளத்தைத் தூக்கும். ஆவணி வாக்கில், மண்ணில் ஓரளவு ஈரம் இருக்கும்போது போடுவது நல்லது. கோடையில்தான் முடியும் என்றால் பல நாள் நீர் தெளித்து, வெடிப்புகள் மூடிய பிறகு போடுங்கள்.

முடிச்சூரிலிருந்து ஒருவர்: 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இந்த ஏப்ரன் போட்டால் அடுத்த முறை தண்ணீர் வராதா?

வரும், தம்பி. ஏப்ரன் உங்கள் மனையில் பெய்யும் மழையையும் கூரை நீரையும் சுவரிலிருந்து விலக்கும் வேலைக்கு மட்டுமே. ஆறும் ஏரியும் நிரம்பித் தெருவே மூழ்கினால் அதற்கு எந்த வாட்டமும் இல்லை. நீர் வடிந்த பிறகு ஏப்ரன் அடியில் மண் அரிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும் பகுதியை உடைத்து மண் இறுக்கிப் போடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி: சாலை மீது சாலை போட்டு எங்கள் வாசல் ஓர் அடி பள்ளமாகிவிட்டது. நீங்கள் சொல்லும் கால்வாய் எங்கே போய் முடியும்? கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிடலாமா என்று பிளம்பர் கேட்கிறார்.

வேண்டாம். கழிவுநீர்க் குழாய் மழைநீருக்கானது அல்ல. அடைமழையில் அது நிரம்பினால் உங்கள் கழிப்பறை வழியே திரும்பி வரும். வாசலுக்கு அருகில், கால்வாயின் கடைசியில் ஒரு சம்ப் கட்டி, மிதவை சுவிட்சோடு சிறு பம்ப் வைத்து மழைநீர் வடிகாலுக்கு ஏற்றுங்கள். கரன்ட் போகும் நாளில்தான் அது தேவைப்படும் என்பதால் இன்வெர்ட்டரில் இணையுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழிக்கு அனுப்பலாமா என்றால், மண்ணைப் பொறுத்தது. திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடத்தில் அது அருமையாக உறிஞ்சும். களிமண்ணிலும் பாறை மேலாக உள்ள இடத்திலும் குழி குளமாகிவிடும். எந்த மண்ணானாலும் குழி அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி இருக்கட்டும், இடம் இருந்தால் இன்னும் தள்ளி.

ஓய்வுபெற்ற மேஸ்திரி, கே.கே. நகர்: களிமண்ணில் கான்கிரீட் ஏப்ரன் எப்படியும் வெடிக்கும். நாங்கள் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கித்தான் போடுவோம். தூக்கினாலும் பிரித்து அடுக்கலாம். நீங்கள் ஏன் கான்கிரீட்டையே சொல்கிறீர்கள்?

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அண்ணே. பிரித்துச் சரிசெய்யும் வசதி கான்கிரீட்டில் இல்லை. ஆனால் செங்கல் இடுக்குகளில் நீர் இறங்கும். புல்லும் முளைக்கும். அதுவே நாம் விலக்க நினைத்த நீர். கீழே தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து, அதற்கும் அதே வாட்டம் கொடுத்து அடுக்கினால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் பத்து மழைக்காலத்துக்குப் பிறகு அந்தத் தாள் எப்படி இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அசோக் நகரிலிருந்து ஒருவர்: ஏப்ரன் மேல் சுவரோரம் தொட்டிச் செடிகள் வைக்கலாமா?

தொட்டியாக இருந்தால் வைக்கலாம், சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு, அடியில் கட்டை கொடுத்து. தளத்தை உடைத்து மண்ணில் நட்டு, தினமும் குழாய் வைத்து நனைப்பது மட்டும் கூடாது.