ஃபேஸ்புக் போச்சு, கேம் ஐடி என்ன ஆகும்?

ஈரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் கடை மூடியிருக்கும், கேளுங்கள் என்று போட்டிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான்.

திண்டுக்கல், கல்லூரி மாணவர்: அண்ணா, என் பிஜிஎம்ஐ ஐடி ஃபேஸ்புக்ல இருக்கு. அந்த ஃபேஸ்புக்கை அண்ணன்தான் அவன் நம்பர் போட்டு ஆரம்பிச்சுக் கொடுத்தான். பாஸ்வேர்டு மறந்துட்டான், சிம்மும் இல்ல. வீட்டு டேப்ல மட்டும் கேம் இன்னும் திறக்குது. புது போன்ல எப்படி ஏத்துறது?

அந்த டேப் இருக்கிறவரைக்கும் உங்கள் ஐடி போகவில்லை தம்பி. முதலில் செய்யக்கூடாதவை: கேமில் லாக் அவுட் கொடுக்காதீர்கள், ஆப்பை அழிக்காதீர்கள், ஸ்டோரேஜ் பத்தவில்லை என்று டேட்டாவை கிளியர் பண்ணாதீர்கள். டேப் கேமுக்குள் போவது பாஸ்வேர்டால் இல்லை. முன்பு ஒருமுறை ஃபேஸ்புக் 'ஆமாம், இவர்தான்' என்று சொன்னதற்கு ஒரு சீட்டு அதற்குள் கிடக்கிறது. அதை நம்பித்தான் கேம் உள்ளே விடுகிறது. சீட்டு போனால் கேம் மறுபடி ஃபேஸ்புக்கிடம்தான் போய்க் கேட்கும்.

இதில் வரிசை முக்கியம். எல்லாரும் முதலில் ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றத்தான் ஓடுகிறார்கள். பாஸ்வேர்டு மாறினால் பழைய சீட்டு செல்லாமல் போகலாம், சில கேம் அந்த நிமிஷமே வெளியே தள்ளிவிடும். அப்புறம் ஃபேஸ்புக் பக்கம் ஏதாவது மாட்டிக்கொண்டால் இரண்டும் இல்லை. அதனால் முதலில் டேப்பில் கேமைத் திறந்து, அமைப்புகளில் Link என்று இருக்கும் இடத்துக்குப் போய் உங்கள் சொந்த கூகுள் கணக்கை இரண்டாவது சாவியாகச் சேருங்கள். புது போனில் கூகுள் வழியாக உள்ளே போய், உங்கள் கேரக்டரின் பெயரும் ஐடி எண்ணும் அதேதானா என்று பாருங்கள். அதுவரை டேப்பைத் தொடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்தபிறகு ஃபேஸ்புக்கை மீட்கலாம். அண்ணன் பழைய போனிலோ கம்ப்யூட்டரிலோ குரோம் வைத்திருந்தால், அவர் கூகுள் கணக்கில் passwords.google.com போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மறந்த பாஸ்வேர்டு அங்கே சேமித்துக் கிடப்பதை என் கடையிலேயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் facebook.com/login/identify. முன்பு அந்தக் கணக்கு ஓடிய அதே போனில், அதே வீட்டு நெட்டில் இருந்து முயன்றால் வாய்ப்பு கூடுதல்.

கரூர்: ப்ரோ, அதே நம்பர், அதே மெயில் போட்டு புதுசா ஃபேஸ்புக் ஆரம்பிச்சா பழைய ஐடி வந்துடுமா?

வராது. கேமுக்கு உங்கள் பெயரோ போட்டோவோ அடையாளம் இல்லை. ஒவ்வொரு கேமுக்கும் தனியாக, உங்கள் கணக்குக்கென்று ஃபேஸ்புக் ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. உங்கள் துப்பாக்கியும் உடையும் பூட்டிக் கிடப்பது அந்த எண்ணில்தான். புது ஃபேஸ்புக்குக்குப் புது எண். கேம் உங்களைப் புது ஆளாக நினைத்து முதல் லெவலில் இருந்து ஆரம்பிக்கும்.

ஆவடி: தப்பா சொல்றீங்க. எனக்கு வந்துச்சே. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், போன் தொலைஞ்சு, புது போன்ல அதே மெயில் போட்டேன், ஊர் அப்படியே இருந்துச்சு.

உங்களுக்கு வந்தது உண்மை. ஆனால் நீங்கள் ஃபேஸ்புக்கில் போகவில்லை, சூப்பர்செல் ஐடியில் போயிருக்கிறீர்கள். அங்கே மெயில் முகவரிதான் சாவி. ஆறு இலக்க எண் அந்த மெயிலுக்கு வரும், போட்டால் ஊர் திறக்கும். மெயிலைச் சாவியாக வைத்த கேமில் நீங்கள் சொல்வது சரி, ஃபேஸ்புக் எண்ணைச் சாவியாக வைத்த கேமில் செல்லாது. உங்கள் கேம் எது என்று தெரிய லாக் இன் பக்கத்தைப் பாருங்கள்: மெயில் முகவரியைத் தட்டச் சொல்கிறதா, இல்லை நீல பட்டனை அமுக்கச் சொல்கிறதா?

சேலம்: அண்ணா பத்து வருஷம் பேன் விழுந்துடுச்சு, ஹேக் எதுவும் யூஸ் பண்ணல, எடுத்துத் தாங்க.

இது லாக் இன் பிரச்சினை இல்லை. கேமுக்குள் இருக்கும் கஸ்டமர் சர்வீசில் எழுதுங்கள்.

தஞ்சாவூர்: ஃபேஸ்புக்ல Apps and Websites பக்கத்துல தெரியாம கேமை ரிமூவ் பண்ணிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. அது அனுமதியை ரத்து செய்வது மட்டும்தான். அதே ஃபேஸ்புக்கால் மறுபடி உள்ளே போனால் பழைய எண்ணே கிடைக்கும்.

விருதுநகர்: கோவத்துல ஃபேஸ்புக்கை டெலிட் கொடுத்துட்டேன். மூணு வாரம் ஆச்சு.

இன்றைக்கே உள்ளே போய் ரத்து செய்யுங்கள். 30 நாள்தான் அவகாசம். அது தாண்டினால் நானும் இல்லை, யாரும் இல்லை. நீங்கள் டிஆக்டிவேட் மட்டும் செய்திருந்தால் பயமில்லை, எப்போது லாக் இன் செய்தாலும் எழுந்துகொள்ளும்.

ஓசூர்: அதே நம்பர்ல புது ஃபேஸ்புக் போட்டா...

மேலே கரூர்காரருக்குச் சொன்னதுதான்.

கோவை: 4,500 ரூபா கொடுத்து ஒரு ஐடி வாங்கினேன், ஃபேஸ்புக்கோட சேர்த்து. பாஸ்வேர்டு மாத்தினேன், மெயில் மாத்தினேன். ஆறு மாசம் கழிச்சு வித்தவனே திரும்ப எடுத்துட்டான். எப்படி?

அந்தக் கணக்கு பிறந்ததிலிருந்து அவனுடையது. பழைய போன் அவனிடம், போட்டோவில் முகம் அவனுடையது, அடையாள அட்டையில் உள்ள பெயரும் அவனுடையது. கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று facebook.com/hacked போய்ச் சொன்னால், ஃபேஸ்புக் கண்ணுக்கு நீங்கள்தான் திருடன்.

மதுரை: என்ன சார் அநியாயம்? காசு கொடுத்து வாங்கினவருக்குத்தானே சொந்தம்? ஜிபே ரசீது இருக்குமே.

ரசீது ஏமாற்று வழக்குக்கு உதவலாம், ஐடியை மீட்க உதவாது. ஐடி விற்பதே கேம் விதிப்படி கூடாது. கம்பெனியிடம் 'நான் வாங்கினேன்' என்று எழுதினால் அது புகார் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம்.

பெயர் வேண்டாம்: நான் வித்த ஆள். எல்லாரும் எங்களையே திட்டுறீங்க. என்கிட்ட வாங்கினவன் என் ஃபேஸ்புக்ல இருந்து என் சொந்தக்காரங்ககிட்ட அவசரம்னு பணம் கேட்டான். அதான் திரும்ப எடுத்தேன். தப்பா?

கணக்கை மீட்டது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

கோவை: அப்படிக் கேளுங்க!

மதுரை: வித்தவரோட சொந்தக்காரங்களை ஏமாத்தினவனுக்கு எதுக்குக் காசு திருப்பணும்?

இது என் கடைக்கு மேல் போகிற விவகாரம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்: பழைய சிம் ரீசார்ஜ் பண்ணாம கட் ஆயிடுச்சு. அந்த நம்பர் வேற ஒருத்தருக்குப் போயிடுமா?

போகும். இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழித்து அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் ஃபேஸ்புக் ஓடிபி அவர் போனில் விழும். உள்ளே போக முடிகிறபோதே எண்ணை எடுத்துவிட்டு மெயிலைச் சேருங்கள். ஆனால் கேமில் இரண்டாவது சாவி சேர்த்த பிறகு.

திண்டுக்கல், கல்லூரி மாணவர்: அண்ணா, டேப்ல கூகுளைச் சேர்க்கப் பார்த்தேன். இந்தக் கணக்கு ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்குன்னு வருது.

அந்த ஜிமெயிலால் எப்போதாவது கேமைத் திறந்து பார்த்திருப்பீர்கள், அதில் ஒரு பொடி கேரக்டர் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இது சேராது. இந்தக் கேமைத் தொடாத வேறு ஜிமெயில் வேண்டும். அம்மாவுடையதை வாங்காதீர்கள், அடுத்த வருடம் அந்தப் பாஸ்வேர்டும் மறக்கும். உங்கள் பெயரிலேயே புதிதாக ஒன்று ஆரம்பியுங்கள். டேப்பில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது?

திண்டுக்கல், கல்லூரி மாணவர்: 6 சதவீதம்.

முதலில் வயரைக் குத்துங்கள்.